கோக்கா இலைத் தேநீரும் கொக்கைனும் ஒன்றா?

கேள்வி: "பெருவுக்குப் பயணம் போகிறோம். குஸ்கோவில் விடுதிக்குள் நுழைந்ததுமே கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்களாம். கொக்கைன் எடுப்பது அந்த இலையிலிருந்துதானே? தேநீராகக் குடித்தாலோ, அந்த ஊர்க்காரர்கள் மாதிரி மென்றாலோ நாமும் அடிமையாகிவிட மாட்டோமா?"

கோக்கா இலையில் கொக்கைன் இருக்கிறது. கடத்தல்காரர்களிடம் பிடிபடும் வெள்ளைத் தூளில் உள்ள அதே மூலக்கூறுதான் அது. இலையில் இருப்பது வேறு ஏதோ சாதுவான பொருள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் சொல்வது சரியன்று. ஆனால் தேநீரோ மெல்லும் இலையோ தூளுக்கு நிகராகாது. ஒரு மருந்து உடலுக்கு என்ன செய்யும் என்பதை அதன் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு உள்ளே போகிறது, எந்த வழியாகப் போகிறது, மூளையை எவ்வளவு வேகத்தில் எட்டுகிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தேநீர் பெரும்பாலும் அளவு குறைவு என்பதால் தூளிலிருந்து விலகி நிற்கிறது. மெல்லும் இலை பெரும்பாலும் வேகம் குறைவு என்பதால் விலகி நிற்கிறது. இவ்விரண்டு காரணங்களையும் கலந்துவிடுவதால்தான் இந்தப் பேச்சில் பாதிக் குழப்பம் உண்டாகிறது என்பது என் எண்ணம். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தேநீர். உலர்ந்த கோக்கா இலையின் எடையில் கொக்கைன் ஏறத்தாழ அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை இருக்கும். கடைகளில் விற்கும் தேநீர்ப் பையில் சுமார் ஒரு கிராம் இலைத்தூள் இருக்கும். பெரு, பொலிவியா ஆகிய இரு நாடுகளின் பைகளையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் அளந்தபோது, பை ஒன்றுக்குச் சராசரியாக 5 மில்லிகிராம் அளவுக்குக் கொக்கைன் இருந்தது. வெந்நீரில் ஊறவைத்த கோப்பையில் அதில் சுமார் 4 மில்லிகிராம் இறங்கியிருந்தது. இந்த 4 மில்லிகிராமும் இரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை. விழுங்கிய கொக்கைன் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்த பிறகுதான் உடலின் மற்றப் பகுதிகளுக்குச் செல்கிறது. அந்த முதல் கடப்பிலேயே பெரும்பகுதி சிதைந்துவிடுவதால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சுகிறது. அதாவது, ஒரு கோப்பைத் தேநீரிலிருந்து இரத்தத்தில் கலப்பது ஒன்று அல்லது ஒன்றரை மில்லிகிராம். அதுவும் ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்ல. தூளைப் பயன்படுத்துபவர் கண்ணாடிமேல் ஒரு கோடாக இட்டு மூக்கால் இழுக்கும்போது, அந்த ஒற்றைக் கோட்டில் 20 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். ஓர் இரவில் அவர் அதைப் பலமுறை செய்வார்.

வயிற்றின் வழியாகப் போவதால்தான் தேநீர் பாதுகாப்பானது என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மையன்று. 1978இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தூய கொக்கைனைத் தன்னார்வலர்களுக்கு விழுங்கக் கொடுத்தும், வேறொரு நாளில் மூக்கு வழியாகக் கொடுத்தும் ஒப்பிட்டார்கள். விழுங்கியவர்களுக்கு விளைவு தாமதமாகத் தொடங்கியது; ஆனால் அவர்கள் உணர்ந்த கிளர்ச்சி மூக்கு வழியில் கிடைத்ததைவிடக் குறைவாக இல்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு அந்தக் கணக்கில் 140 மில்லிகிராம் ஆகிறது. தேநீரில் அந்த அளவை எட்ட வேண்டுமானால் 35 கோப்பைகளை ஒரே மூச்சில் குடித்தாக வேண்டும். ஆகவே தேநீரைக் காப்பது அதன் அளவுதான். இந்த நுணுக்கம் நடைமுறையிலும் முக்கியமானது: இலையை அரைத்த மாவு, அடர்த்தியான சாறு, மாத்திரை என்று அங்குள்ள கடைகளில் கிடைக்கும் பொருட்களும் வாய்வழியாகத்தான் போகின்றன, ஆனால் தேநீர்ப் பையின் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. சாயமிறங்கிய நீரை மட்டும் குடிப்பதும் இலை முழுவதையும் மாவாக விழுங்குவதும் ஒன்றல்ல.

இனி, மெல்லுவது. இங்கே கணக்கு வேறு விதமாகப் போகிறது. வியப்பும் இங்கேதான் இருக்கிறது. ஆண்டிஸ் மலைப்பகுதியில் உழவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் இலையைக் கடித்துத் தின்பதில்லை. நரம்பை நீக்கிய இலைகளை ஒவ்வொன்றாக வாயில் இட்டு, எச்சிலில் நனைத்து, கன்னத்தின் ஓரம் ஓர் உருண்டையாக ஒதுக்கி, அந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக விழுங்குவார்கள். பொலிவியாவில் இதை அக்குல்லிக்கோ என்பார்கள்; பெருவில் சக்சார் என்ற சொல் வழங்குகிறது. இலையோடு லிப்தா என்ற காரப்பொருளையும் ஒரு துளி சேர்ப்பார்கள். சில ஊர்களில் அது கினுவா என்ற தானியச் செடியின் தண்டுச் சாம்பலிலிருந்து செய்யப்படுகிறது. சில ஊர்களில் சுண்ணாம்பு. நகரங்களில் சமையல் சோடா. வெற்றிலையோடு சுண்ணாம்பு தடவிப் பழகிய நமக்கு இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. வேதியியல் காரணம் இதுதான்: நடுநிலையான எச்சிலில் கொக்கைன் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மின்னேற்றம் பெற்ற நிலையில் இருப்பதால், கன்னத்தின் உட்சவ்வைக் கடந்து போக முடியாது. எச்சில் காரத்தன்மை அடைந்தால் மின்னேற்றமில்லாத மூலக்கூறுகளின் பங்கு கூடுகிறது. அவை சவ்வைக் கடந்து நேரே இரத்தத்தில் கலக்கின்றன. அது நடக்கிறது என்பதற்கு அடையாளம் நாக்கும் கன்னமும் மரத்துப்போவது. லிப்தா சேர்க்காமல் வெறும் இலையை மென்ற பயணிகள் புல்லைத் தின்றதுபோல் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வதற்கும் காரணம் இதுவே.

ஒருவர் ஒரு நாளில் மெல்லும் இலை 20 கிராமிலிருந்து 60 கிராம் வரை போகும். 50 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். இலையில் 0.6 சதவீதம் கொக்கைன் என்றால், அந்த நாளின் இலையில் மொத்தம் 300 மில்லிகிராம் இருக்கிறது. அவ்வளவும் உடலுக்குள் போவதில்லை. கணிசமான பகுதி துப்பிய சக்கையோடு போய்விடுகிறது, விழுங்கியதில் ஒரு பகுதியைக் கல்லீரல் சிதைக்கிறது. அப்படியும், ஒரு நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், மிதமாகத் தூளைப் பயன்படுத்துபவர் ஓர் இரவில் எடுக்கும் அளவோடு ஒப்பிடத்தக்க அளவு வந்துவிடலாம். இலையில் கொக்கைன் மிகமிகக் குறைவு, அதனால் கவலையில்லை என்ற வாதம் தேநீரோடு நின்றுவிட வேண்டும். நாள் முழுக்க மெல்லுபவரிடம் அது செல்லாது. அவரைத் தூளின் கதியிலிருந்து விலக்கி வைப்பது வேறொன்று.

அந்த வேறொன்றை இரத்தப் பரிசோதனை காட்டுகிறது. 1970களின் இறுதியில் கோக்கா மெல்லுபவர்களின் இரத்தத்தை அளந்த ஆய்வாளர்கள், கொக்கைனின் உச்ச அளவு மில்லிலிட்டருக்குப் பத்து நானோகிராமிலிருந்து 150 நானோகிராம் வரை இருந்ததைக் கண்டார்கள். மெல்லத் தொடங்கி அரைமணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே அந்த உச்சம் வந்தது. தூளை முகர்ந்தவர்களிடம் உச்சம் சில நூறு நானோகிராம் வரை போகிறது. புகையாக இழுத்தால் சில நொடிகளில் நுரையீரலிலிருந்து இதயத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போய்விடுகிறது. நடுவில் கல்லீரல் இல்லை, காத்திருப்பும் இல்லை. கொக்கைனின் அரை ஆயுட்காலம், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதாவது, இலையிலிருந்து மெல்ல ஊறி வரும்போதே உடல் அதைச் சிதைத்துக்கொண்டும் இருக்கிறது. வருவதும் போவதும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுவதால், இரத்த அளவு செங்குத்தாக எகிறாமல் தாழ்வான மேடு போல நீடித்து நிற்கிறது. உணரப்படும் விளைவும் அதற்கேற்பவே இருக்கிறது: சோர்வும் பசியும் தணிகின்றன, கவனம் சற்றுக் கூர்மையாகிறது, மிதக்கும் உணர்வோ வெறியோ இல்லை.

எகிறுவதற்கும் மெல்ல உயர்வதற்கும் மூளை ஏன் இவ்வளவு வேறுபாடு காட்டுகிறது? டோபமைன் என்பது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய ஒரு பொருள். நரம்பு முனைகளில் வெளியான டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. கொக்கைன் அதை அடைத்துவிடுகிறது. டோபமைன் வெளியே தேங்குகிறது. எவ்வளவு அடைபடுகிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக அடைபடுகிறது என்பதும் கிளர்ச்சியின் வலிமையை நிர்ணயிக்கிறது. மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இரத்தக்குழாய் வழி ஊசி, புகை, மூக்கு ஆகிய மூன்று வழிகளிலும் அந்தப் புரதம் அடைபட்ட அளவு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் கிளர்ச்சி உச்சத்தைத் தொட்ட நேரம் புகைக்கு ஒன்றரை நிமிடம், ஊசிக்கு மூன்று நிமிடம், மூக்கு வழிக்கு ஏறத்தாழ கால் மணி நேரம். வலுவான கிளர்ச்சியைச் சொன்னவர்கள் புகைத்தவர்கள், குறைவாகச் சொன்னவர்கள் முகர்ந்தவர்கள். மூன்றிலும் வேகம் குறைந்ததான மூக்கு வழியையும்விட மெதுவான ஒரு வழியை, அதைவிடத் தாழ்ந்த உச்சத்தோடு நினைத்துப் பாருங்கள். கன்னத்தில் ஒதுக்கிய இலை அங்கே நிற்கிறது.

வேகத்தோடு வீழ்ச்சியும் வருகிறது. புகைத்த கிளர்ச்சி ஐந்து, பத்து நிமிடங்களில் தீர்ந்துவிடும்; தீர்ந்த இடத்தில் எரிச்சலும் வெறுமையும் வந்து அமர்ந்துகொள்ளும். உடனே அடுத்ததை எடுக்கத் தோன்றும். செய்த செயலுக்கும் கிடைத்த பலனுக்கும் நடுவே சில நொடிகளே இருப்பதால், மூளை அவ்விரண்டையும் இறுக முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஒரே இரவில் இருபது முப்பது முறை அந்த முடிச்சு இறுகினால், அது பழக்கம் என்ற நிலையைத் தாண்டிவிடும். இலையை மெல்லுபவருக்கு அந்தத் தொடர்பு தளர்வானது: விளைவு அரைமணி கழித்து, அடக்கமாக வந்து, அடக்கமாகவே போய்விடுகிறது.

இதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிரூபித்த ஊர் பெருவின் தலைநகரான லீமா. 1970களில் அங்கே பாஸ்தா பாசிக்கா எனப்படும் பசை தெருக்களில் பரவியது. இலையிலிருந்து தூளுக்குப் போகும் வழியில் கிடைக்கும் அரைகுறையான இடைப்பொருள் அது. கரைப்பான்களின் எச்சம் நிறைந்தது, கொக்கைன் பெரும்பங்கு கொண்டது. ஒரு கிலோ கொக்கைனுக்கு முந்நூறு நானூறு கிலோ உலர்ந்த இலை தேவைப்படுகிறது என்பதை நினைத்தால், இலைக்கும் இந்தப் பொருளுக்கும் இடையே நடந்திருக்கும் செறிவாக்கம் புரியும். இளைஞர்கள் அதைப் புகையிலையோடு கலந்து புகைத்தார்கள். ராவுல் ஹெரி போன்ற லீமா மருத்துவர்கள் அந்த ஆண்டுகளிலேயே எழுதி வைத்த நோயாளிக் குறிப்புகள் படிக்கவே கடினமானவை: தொடர்ந்து புகைப்பது, உணவையும் உறக்கத்தையும் மறப்பது, கையிருப்பு தீரும்வரை நிறுத்த முடியாமை, பிறகு யாரோ துரத்துகிறார்கள் என்ற பயமும் இல்லாதவற்றைக் காண்பதும். அதே நாட்டின் மலைப்பகுதியில் பல நூற்றாண்டுகளாக இலையை மென்று வந்த மக்களிடம் இந்தக் காட்சியை எவரும் பதிவு செய்திருக்கவில்லை. தாவரம் ஒன்று, மூலக்கூறு ஒன்று, நாடும் ஒன்று. மாறியவை செறிவும் வழியும் மட்டுமே. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் சான்று இதுதான்.

அடிமைத்தனத்தைப் பற்றி நேரடியாகச் சொல்வதானால், 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், வாழ்நாளில் கொக்கைனை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அதைச் சார்ந்திருக்கும் நிலைக்குப் போயிருந்தார். இலையைப் பொறுத்தவரை அப்படி எடுத்துக்காட்டக்கூடிய எண் இல்லை. கிடைப்பவை கள அவதானிப்புகள். மலையிலிருந்து கடற்கரை நகரங்களுக்கோ இராணுவப் பணிக்கோ செல்பவர்கள் இலையைப் பெரிய அவதியின்றி விட்டுவிடுகிறார்கள் என்பதும், ஆண்டுகள் போகப் போக அளவைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கமில்லை என்பதும் பலரும் பதிந்தவை. கோக்கா மெல்லுவதன் விளைவுகளையும் அதைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் ஆராய அனுப்பப்பட்ட ஐ.நா. விசாரணைக் குழுவே, 1950ஆம் ஆண்டின் அறிக்கையில், மெல்லும் பழக்கத்தை மருத்துவப் பொருளில் போதை அடிமைத்தனம் என்று கொள்வதற்கில்லை என எழுதியது. ஆனாலும் அது தீங்கான பழக்கம் என்றே முடிவு கட்டியது. இரண்டே ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதற்கு மாறாக, அதையும் அடிமைத்தனமாகவே கருத வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இலையையும் தூளையும் ஒரே அட்டவணையில் வைத்தது. பொலிவியா அந்த உடன்படிக்கையிலிருந்து விலகி, தன் நாட்டில் மெல்லும் உரிமையை ஒதுக்கிக்கொண்டு 2013இல் திரும்பச் சேர்ந்தது. அந்த அட்டவணையை வைத்து மருந்தியலை ஊகிக்கப் போனால் தவறான இடத்துக்கே போய்ச் சேருவோம்.

இலை முற்றிலும் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. தேநீரில்கூட இதயத் துடிப்பு சற்று உயரலாம். நெஞ்சுவலி, கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்ப்பதே முறை. மதுவோடு சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலின் என்ற இன்னொரு பொருள் உருவாகிறது. அது கொக்கைனைவிட நீண்ட நேரம் உடலில் தங்கும். ஒரு கோப்பைத் தேநீருக்கு இது பெரிய விஷயமில்லை. நாள் முழுக்க மென்றுவிட்டு மாலையில் குடிப்பவருக்குப் பொருட்டானது.

நம் ஊர் வாசகர்களில் சிலருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொக்கைனைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்று இரத்தத்திலுள்ள பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வாழும் ஆரிய வைசியச் சமூகத்தில் இந்த நொதி பிறவியிலேயே மிகக் குறைவாக உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம் என்பதை மரபியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; அறுவைசிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர்கள் இதைக் கேட்டறிவதும் உண்டு. சக்சினில்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து கொடுத்தபின் தனக்கோ உறவினருக்கோ மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது என்ற செய்தி குடும்பத்தில் இருந்தால், அவர் இலையை மெல்லாமல் இருப்பது நல்லது. கொக்கைன் அவர் உடலில் வழக்கத்தைவிட மெதுவாகவே வெளியேறும்.

உயரமான இடங்களில் வரும் மலைநோய்க்காகத்தான் தேநீரைக் குடிக்கிறீர்கள் என்றால், அதற்கு உறுதியான ஆய்வுச் சான்று கிடையாது. குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சான்றுள்ள மருந்து அசெட்டசோலமைடு. போகும் முன் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உண்மையில் சிக்கலை உண்டாக்கக்கூடியது அடிமைத்தனமன்று, சிறுநீர்ப் பரிசோதனை. கருவி தேடுவது கொக்கைனின் சிதைபொருளான பென்சாயில்எக்கோனைனை. அது தேநீரிலிருந்து வந்ததா தூளிலிருந்து வந்ததா என்று வழக்கமான பரிசோதனை பிரித்துச் சொல்லாது. நான் முன்பு சொன்ன தேநீர்ப்பை ஆய்வில் ஒரு கோப்பை குடித்த தன்னார்வலரின் சிறுநீரில் அது மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் நானோகிராம் வரை போனது. அந்தக் காலப் பணியிடப் பரிசோதனைகள் 300 நானோகிராமிலேயே மணியடித்துவிடும். மறுநாளும் அது கண்டறியக்கூடியதாகவே இருந்தது. பெருவின் அப்போதைய கால்பந்து அணித் தலைவர் பாவ்லோ கெரேரோ 2017 அக்டோபரில் அர்ஜென்டினாவுடன் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு இதே சிதைபொருளுக்காகச் சிக்கினார். தான் குடித்த தேநீரின் வழியாகவே அது வந்தது என்றார். திறனைக் கூட்டும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என்பதை விளையாட்டு நடுவர் மன்றம் ஏற்றுக்கொண்டும் 14 மாதத் தடை விதித்தது. கப்பல் வேலை, விமான வேலை, வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனை என்று ஏதாவது திரும்பி வந்ததும் காத்திருக்கிறது என்றால் ஒரு கோப்பைகூட வேண்டாம். அப்படி எதுவும் இல்லாதவர்கள் அங்கேயே குடித்துவிட்டு வரலாம். பைகளை நினைவுப்பொருளாக வாங்கி வரக்கூடாது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கோக்கா இலையைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. 0.1 சதவீதத்துக்கு மேல் கொக்கைன் இல்லாத தயாரிப்புகளுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. சாதாரணத் தேநீர்ப் பையில் இருப்பது அதைப்போல் ஐந்து மடங்கு.